படி ஸ்டூல் ஆடுகிறதா? காலை அறுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டூல் ஆடினால் பெரும்பாலானோர் முதலில் ரம்பத்தைத்தான் எடுக்கிறார்கள். எந்தக் கால் நீளம் என்று பார்த்து அதில் கொஞ்சம் அறுப்பார்கள். அப்புறம் வேறு கால் ஆடும், அதையும் அறுப்பார்கள். இப்படி 15 மில்லிமீட்டர் குட்டையாகிப் போன ஸ்டூல்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. கால்கள் சமமாக இல்லாததால் வருவது ஒன்று, மூட்டு தளர்ந்து வருவது இன்னொன்று. முதலாவதைக் காலை அறுத்துச் சரி செய்யலாம். இரண்டாவதை எத்தனை முறை அறுத்தாலும் சரி செய்ய முடியாது. பெரியவர் ஒருவர் ஏறி நின்றதும் கீழே தள்ளுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இங்கே பேசப்போவது நான்கு கால், மேற்பலகை, அதற்குக் கீழே கால்களை இணைக்கும் சட்டங்கள் கொண்ட சாதாரண படி ஸ்டூலைப் பற்றி. உயரம் சுமார் 300 மில்லிமீட்டர். காலில் குடையும் செவ்வகக் குழியைத் துளை என்றும், சட்டத்தின் முனையில் மெலிதாக்கி அதற்குள் நுழைக்கும் பகுதியை நாக்கு என்றும் சொல்கிறேன். நாக்கைச் சுற்றி, காலின் முகத்தில் ஒட்டி நிற்கும் பகுதி தோள்.

## முதலில் எந்த வகை ஆட்டம் என்று பாருங்கள்

ஸ்டூலைத் தரையில் வைத்து, எதிரெதிர் மூலைகளைக் கையால் மாறி மாறி அழுத்துங்கள். டக் டக் என்று ஒரு கால் தரையைத் தட்டினால் கால் நீளப் பிரச்சினை இருக்கலாம். ஆனால் தரையே மேடு பள்ளமாக இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் ஸ்டூலை அதே இடத்தில் 90 பாகை திருப்பி வைத்து மறுபடி அழுத்துங்கள். தட்டும் கால் ஸ்டூலோடு கூடவே நகர்ந்து வந்தால் குற்றம் ஸ்டூலில். தட்டல் அதே இடத்திலேயே நின்றால் குற்றம் தரையில்.

தட்டல் இல்லை, ஆனால் மேற்பலகையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் முழு ஸ்டூலும் சாய்ந்து மீள்கிறதா? கால்கள் தரையை விட்டு எழாமல் சதுரம் சாய்சதுரமாகிறது என்றால் மூட்டுதான் காரணம். இரண்டும் சேர்ந்து இருந்தால் மூட்டை முதலில் சரி செய்யுங்கள். மூட்டு தளர்ந்த ஸ்டூலில் கால் நீளத்தை அளப்பது வீண்வேலை, ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும்.

## அறிகுறி 1: ஏறாதபோதே ஒரு கால் தட்டுகிறது

மிக எளிய காரணம், காலடியில் ஒட்டிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று தேய்ந்தோ விழுந்தோ போயிருப்பது. ஸ்டூலைக் கவிழ்த்துப் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் மறுபடி வேறுபடும். மெத்தென்ற துணிப் பட்டைகளை நான் ஏறும் ஸ்டூலுக்குப் பயன்படுத்துவதில்லை. நாற்காலிக்குச் சரி. ஆள் ஏறியதும் ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு அளவில் அமுங்கும்.

பொத்தானில் குறை இல்லையென்றால் உண்மையிலேயே கால் நீளத்தில் வித்தியாசம் இருக்கிறது. தரைக்குப் பதில் தட்டையான பரப்பு தேவை. தடித்த கண்ணாடி மேசை, நன்றாக இழைத்த பலகை, சமையல் மேடைக் கல், எதுவும் போதும். அதன் மேல் ஸ்டூலை வைத்து, தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் காகிதங்களை அடுக்கி, ஆட்டம் நிற்கும் வரை சேருங்கள்.

அடுக்கிய காகிதங்களின் உயரம் அரை மில்லிமீட்டருக்குள் என்றால் அறுக்கவே வேண்டாம். தட்டையான பரப்பில் முழுத் தாள் உப்புக்காகிதத்தை ஒட்டி, அதன் மேல் ஸ்டூலை நிறுத்தி, நான்கு கால்களும் படும்படி முன்னும் பின்னும் தேயுங்கள். நீளமான கால்கள் தானாகக் குறைந்து சமமாகும்.

அதற்கு மேல் என்றால் ஒரு காலை மட்டும் அறுப்பது தவறு. காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டூல் ஆடாமல் நிற்கும்போது, ஒரு சிறு மரத்துண்டைப் பரப்பின் மேல் கிடத்தி அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு கால்களைச் சுற்றியும் கோடு இழுங்கள். மரத்துண்டின் தடிமன், அடுக்கிய காகிதங்களின் உயரத்தை விடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். எல்லாக் கோடுகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். நான்கையும் அந்தக் கோட்டில் அறுங்கள். கால் சாய்வாக இருந்தாலும் இந்த முறையில் அடிப்பக்கம் தானாகவே சரியான கோணத்தில் அமையும். அறுத்த பின் அடி விளிம்பைச் சிறிது சரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது மரம் பிளந்து சில்லு எழும்.

## அறிகுறி 2: ஏறி நின்றால் பக்கவாட்டில் சாய்கிறது

உண்மையான பிரச்சினை பெரும்பாலும் இதுதான், அதனால் இங்கே நிதானமாகப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தின் திசையைக் கண்டுபிடியுங்கள். ஸ்டூல் நீளவாக்கில் ஆடினால், நீளமான சட்டங்களின் இரு முனைகளில் உள்ள மூட்டுகள்தான் காரணம். குறுக்காக ஆடினால் குட்டைச் சட்டங்களின் மூட்டுகள். எந்தத் திசையில் ஆடுகிறதோ அந்தத் திசையில் ஓடும் சட்டங்கள்தான் அதைத் தடுத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டாலே தேட வேண்டிய மூட்டுகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து ஸ்டூலைக் கவிழ்த்து, சட்டம் காலோடு சேரும் கோட்டின் மேல் விரல் நகத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காலை இழுத்துத் தள்ளுங்கள். தளர்ந்த மூட்டில் நகத்துக்கு அடியில் இடைவெளி திறந்து மூடுவது நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். தளர்ந்தவற்றையெல்லாம் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

### திருகாணியால் இணைத்த ஸ்டூல் என்றால்

திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். இறுகினால் நல்லது, ஆனால் ஒரு மாதத்தில் மறுபடி தளர்ந்தால் காரணம் வேறு. சட்டத்தின் வெட்டுமுனைக்குள் நார் ஓடும் திசையிலேயே திருகாணி போயிருக்கும். அங்கே பிடிப்பு மிகக் குறைவு, நார்களைப் பிரித்துக்கொண்டு சுலபமாக வெளியே வந்துவிடும். நீளமான திருகாணி போட்டாலும் கொஞ்சம் நாள் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

இங்கே உதவுவது உள்மூலைக் கட்டை. சட்டங்கள் இரண்டும் காலும் சேரும் உள்பக்க மூலையில், முக்கோணமாக வெட்டிய 25 மில்லிமீட்டர் தடிமன் கட்டையைப் பசை தடவி, இரு சட்டங்களுக்கும் திருகாணியால் இணையுங்கள். கட்டையின் நார், மூலைக்குக் குறுக்காக முக்கோணத்தின் நீண்ட பக்கத்தோடு ஓட வேண்டும். மாறாக வெட்டினால் கட்டையே பிளந்துவிடும். திருகாணிக்கு முன்கூட்டியே துளை போடுவது கட்டாயம்.

### நாக்கு மூட்டு, தோளில் இடைவெளி தெரிகிறது

ஆட்டத்தைத் தடுப்பது நாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நாக்கு பிரிந்து வெளியே வராமல் பிடித்துக்கொள்கிறது, சரி. ஆனால் சாய்வை முதலில் எதிர்ப்பது தோள்தான். தோள் காலின் முகத்தில் மேலிருந்து கீழ் வரை ஒட்டி நின்றால், சாயும்போது ஒரு முனை அழுத்தும், மறுமுனையில் நாக்கும் பசையும் இழுக்கும். தோளில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் முழுவதும் ஆட்டமாகக் கிடைக்கும். மேலே, 300 மில்லிமீட்டர் உயரத்தில், அது பல மடங்காகப் பெருகும்.

கிளாம்ப் போட்டுச் சட்டத்தைக் காலோடு இறுக்கிப் பாருங்கள். இரண்டு விதமாக நடக்கலாம்.

இடைவெளி மூடினால் பசை விட்டுவிட்டது என்று பொருள். மூட்டைப் பிரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.

இறுக்கியும் மூடாவிட்டால் உள்ளே ஏதோ முட்டுகிறது. நாக்கு துளையை விட நீளமாக இருக்கலாம், அல்லது அடுத்த பக்கத்திலிருந்து வரும் நாக்கோடு மோதலாம். 40 மில்லிமீட்டர் காலின் நடுவில் 12 மில்லிமீட்டர் அகலத் துளை குடைந்தால், இரு பக்கத் துளைகளும் காலின் உள்ளே ஒன்றையொன்று வெட்டும். அங்கே 25 மில்லிமீட்டர் நீள நாக்குகள் இரண்டும் சதுர முனையோடு நுழைந்தால் ஒன்று மற்றதின் பக்கத்தில் இடித்து நின்றுவிடும். இரண்டின் முனைகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டி, அவற்றுக்கு நடுவில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். துளையின் அடியிலும் அதே அளவு இடம் வேண்டும், உபரிப் பசை போக.

### தோள் ஒட்டி நிற்கிறது, ஆனாலும் ஆடுகிறது

அப்போது நாக்கு துளைக்குள் தளர்வாக இருக்கும், அல்லது மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். சோதனை எளிது: பிரித்த மூட்டைப் பசை இல்லாமல் கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது. சுத்தியலால் அடித்து நுழைக்க வேண்டியிருந்தால் அளவு கூடுதல், கால் பிளக்கும் ஆபத்து. கொடகொடவென்று இருந்தால் பசை எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. வெள்ளை மரப்பசை இறுக்கமாக ஒட்டிய பரப்புகளில்தான் பலம் தரும், இடைவெளியை நிரப்பும் வேலையை அது செய்யாது.

### நேர்ந்த ஒன்று

தெரிந்தவர் ஒருவர் கொண்டு வந்த ஸ்டூல்: மேற்பலகை 400க்கு 260, கால்கள் 40க்கு 40, சட்டங்கள் 70 மில்லிமீட்டர் அகலம், 22 தடிமன். உயரம் 300 ஆக இருந்தது 285க்கு வந்திருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு முறை கால் அறுத்திருக்கிறார். ஏறி நின்றால் நீளவாக்கில் சாய்ந்தது.

அந்தத் திசை என்பதால் நீளச் சட்டங்கள் இரண்டையும் மட்டும் பார்த்தேன். நகத்துக்கு அடியில் இரண்டு மூட்டுகள் திறந்தன, இரண்டும் ஒரே பக்கத்துக் கால்களில். கிளாம்ப் போட்டும் தோள் முழுதாக ஒட்டவில்லை, 0.8 மில்லிமீட்டர் பாக்கி. மரத்துண்டை இடையே வைத்து, மூட்டுக்கு அருகே கொட்டாப்புளியால் தட்டிப் பிரித்தேன். துளையின் அகலம் 12.8, நாக்கு 11.6. அதாவது 1.2 மில்லிமீட்டர் தளர்வு. பசை முழுவதும் துளையின் அடியில் கட்டியாக உறைந்து கிடந்தது, பக்கங்களில் ஒன்றுமே இல்லை. தோள் ஒட்டாததற்கும் அந்தக் கட்டிதான் காரணம், நாக்கின் முனை அதில் முட்டி நின்றிருக்கிறது. செய்தவர் துளைக்குள் பசையை ஊற்றிவிட்டு நாக்கை இறக்கியிருக்கிறார். இறங்கும் நாக்கு பசையையெல்லாம் கீழே தள்ளிவிடும்.

செய்தது இதுதான். உறைந்த பசையை உளியால் செதுக்கி எடுத்தேன். பழைய வெள்ளைப் பசையின் மேல் புதியது பிடிக்காது, அதனால் வெறும் மரம் தெரியும் வரை செதுக்க வேண்டும். மூலைகளில் பிடிவாதமாக இருந்ததை வெதுவெதுப்பான வினிகர் தடவி ஊற வைத்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டேன். பிறகு நாக்கின் இரு பக்கங்களிலும் அதே நார்த் திசையில் 0.8 மில்லிமீட்டர் வெனீர் என்னும் மெல்லிய மரத் தகட்டை ஒட்டினேன். காய்ந்ததும் நாக்கு 13.2 ஆனது. அதை இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கையால் அழுத்தினால் போகும் அளவுக்குக் கொண்டு வந்தேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் காலின் முகத்தோடு நேராக அமையாமல் ஒதுங்கிவிடும், அதனால்தான் இரு பக்கம்.

பசையை நாக்கின் இரு பக்கங்களிலும் துளையின் சுவர்களிலும் தூரிகையால் மெலிதாகத் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இறுக்கியவுடன் மேற்பலகைக்குக் கீழே சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தேன். 1.5 மில்லிமீட்டர் வித்தியாசம். கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்துச் சமமாக்கினேன். பசை காய்ந்தபின் இதைச் செய்ய முடியாது. ஒரு மணி நேரம் கிளாம்ப், ஒரு நாள் முழுக்க எடை வைக்காமல் ஓய்வு. அப்புறம் ஆட்டம் இல்லை. கால்களை அறுத்ததால் போன 15 மில்லிமீட்டர் திரும்பாது, அது அவர் பாடு.

### மூட்டெல்லாம் சரி, ஆனாலும் ஆட்டம்

அப்படியானால் கோளாறு அமைப்பில். சட்டத்தின் அகலம் 40 மில்லிமீட்டர் மட்டும் என்றால் தோள் பிடிக்க இடமே இல்லை. 80 அகலச் சட்டம் அதே மரத்தில் அதே சாய்வை ஏறக்குறைய இரட்டிப்பாக எதிர்க்கும், ஏனெனில் அழுத்தும் முனைக்கும் இழுக்கும் முனைக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகிறது. சட்டத்தை மாற்ற மனமில்லை என்றால், தரையிலிருந்து 80 முதல் 100 மில்லிமீட்டர் உயரத்தில் கீழ்ச் சட்டம் ஒன்று சேருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்றாகும்போது கால் நடுவில் வளைய இடமில்லை.

கீழ்ச் சட்டத்தை இப்போது புதிதாகச் சேர்ப்பது என்றால் கால்களைப் பிரித்தே ஆக வேண்டும், பெரிய வேலை. இதற்கு முளை போட்ட மூட்டு நல்லது. காலில் 8 மில்லிமீட்டர் வட்டத் துளை குறுக்காகப் போட்டு, நாக்கில் அதே துளையைத் தோளின் பக்கமாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். முனை சீவிய மரமுளையை அடித்து இறக்கினால் அது நாக்கைத் தோள் ஒட்டும் வரை இழுத்துப் பிடிக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளினால் முளை ஒடியும், அல்லது நாக்கு பிளக்கும்.

## அறிகுறி 3: சாயவில்லை, கிறீச் என்று கேட்கிறது

மேற்பலகை சட்டத்தின் மேல் உரசும் சத்தமாக இருக்கும். பலகையைப் பிடித்த திருகாணிகளை இறுக்குங்கள். இறுகாமல் சுழன்றால், பசை தோய்த்த மரக்குச்சியைத் துளையில் அடைத்துக் காய்ந்தபின் மறுபடி போடலாம். உரசும் இடத்தில் மெழுகு தேய்த்தாலும் அடங்கும். சத்தம் கீழே, மூட்டிலிருந்து வந்தால் அறிகுறி 2க்குப் போங்கள், அது ஆட்டத்தின் முதல் கட்டம்.

## அறிகுறி 4: நடுவில் நின்றால் சரி, ஓரத்தில் மிதித்தால் கவிழ்கிறது

மூட்டைத் தேட வேண்டாம், எல்லாம் இறுகியே இருக்கும். மேற்பலகை கால்களுக்கு வெளியே நீண்டிருக்கிறது. எடை கால்களின் அடிச்சுற்றுக்கு வெளியே விழுந்தால் எந்த ஸ்டூலும் கவிழும். பலகையின் ஓரத்திலிருந்து காலின் வெளிமுகம் வரை அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஓரத்தை அறுத்துக் குறைத்துவிடுங்கள். அழகுக்கு நீட்டியது என்பார்கள், அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்வதானால் கால்களை 5 முதல் 10 பாகை வெளியே சாய்த்தால் அடிச்சுற்று பலகையை விடப் பெரிதாகும். ஆனால் சாய்ந்த காலில் துளையும் தோளும் கோணமாக வர வேண்டும். முதல் ஸ்டூல் செய்பவருக்கு நேர்க்கால், குட்டை ஓரம் என்பதே என் ஆலோசனை.

## அறிகுறி 5: மேற்பலகையில் விரிசல்

நார் போகும் திசையில் நீளமான விரிசல், அதுவும் திருகாணிகளின் வரிசையில் வந்தால், பலகை அசைய இடமில்லாமல் போயிருக்கிறது. மரம் ஈரத்தில் விரிந்து உலர்வில் சுருங்கும், பெரும்பாலும் நாருக்குக் குறுக்காக. 260 மில்லிமீட்டர் அகலப் பலகை பருவம் மாறும்போது 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மாறலாம். இரு ஓரங்களிலும் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கித் திருகினால் அந்த மாற்றம் பலகையைக் கிழிக்கும். குறுக்குச் சட்டத்தின் நடுத் திருகாணியை மட்டும் இறுக்கமாக விட்டு, ஓரங்களில் உள்ள துளைகளை நாருக்குக் குறுக்கான திசையில் 4 மில்லிமீட்டர் நீட்டி, வாஷர் வைத்துத் திருகுங்கள்.

விரிசல் பலகையின் பாதி நீளத்துக்கு மேல் போயிருந்தால் ஒட்டி ஏற வேண்டாம். பலகையையே மாற்றுங்கள். நீளச் சட்டங்களுக்கு இடைப்பட்ட தூரம் சிறிதாக இருந்தாலும் 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமன் வேண்டாம், நார் நீளவாக்கில் ஓடட்டும்.

## தச்சரிடம் கொடுக்க வேண்டிய இடம்

காலிலேயே, துளையிலிருந்து மேலோ கீழோ விரிசல் ஓடியிருந்தால் நிறுத்துங்கள். பசை போட்டு மூடினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆள் ஏறும்போது அதே இடத்தில் திறக்கும். அந்தக் காலைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய மூன்றோடு பொருந்தும்படி துளைகளைக் குடைவது அனுபவம் கேட்கும் வேலை. சாய்வுக் கால் ஸ்டூலில் மூட்டு தளர்ந்தாலும் அப்படித்தான், கோணத் தோளை வீட்டில் திருத்துவது கஷ்டம்.

மூன்றாவது நிலை: நான்குக்கும் மேற்பட்ட மூட்டுகள் ஒரே சமயத்தில் தளர்ந்திருப்பது. அது பெரும்பாலும் மரம் பச்சையாக இருந்தபோது செய்ததன் அடையாளம். ஈரமானி இருந்தால் காலில் வைத்துப் பாருங்கள், வீட்டுக்குள் இருக்கும் மரம் பொதுவாக 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதற்கு வெகுவாக மேலே காட்டினால் சுருங்குவது இன்னும் முடியவில்லை. இப்போது பழுது பார்த்தாலும் மறுபடி தளரும். அந்த ஸ்டூலைச் சில மாதம் நிழலில், காற்றோட்டமாக வைத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

கொடுக்கும்போது "ஆடுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் திசையில், எந்த மூட்டு, கிளாம்ப் போட்டால் மூடுகிறதா இல்லையா என்று பென்சில் குறியோடு கொடுங்கள். இல்லாவிட்டால் அவரும் முதலில் காலைத்தான் அறுத்துப் பார்ப்பார்.